பிக்காட் ஹெம் போட்டு உள்மடிப்பு சுருங்காம, சாயாம உக்காரணும்னா என்ன பண்ணணும்

நிட்டிங்ல ஸ்வெட்டர் அடிப்பக்கம், கை முனை, சாக்ஸ் மேல்பக்கம் இதுல எல்லாம் குட்டிக் குட்டிப் பல்லு மாதிரி வரிசையா ஓரம் பாத்திருப்பீங்க, அதுதான் பிக்காட் ஹெம். பல்லு வர வைக்கிறது ஒண்ணும் கஷ்டமில்ல, நிட், பர்ல், நூல ஊசி மேல சுத்துறது, ரெண்டு ஸ்டிச்ச சேத்து நிட் பண்றது, இந்த நாலும் தெரிஞ்சா போதும். கஷ்டம் எங்க வருதுன்னா பின்னாடி மடிக்கிறதுல. முன்பக்கம் கோணலா இழுக்குது, இல்ல ஓரம் பாவாட மாதிரி விரியுது, இல்ல தச்ச இடத்துல ஒரு கோடு அப்படியே பள்ளமா தெரியுது. அதனால பல்லப் பத்தி சுருக்கமா சொல்லிட்டு மடிக்கிறதப் பத்திதான் விரிவா எழுதப் போறேன்.

முதல்ல இது எப்படி வேலை செய்யுதுன்னு புரிஞ்சுக்கணும். அடியில ஒரு பட்டை பின்றோம், அதுதான் உள்மடிப்பு, வெளிய தெரியாது. அதுக்கு மேல ஒரு வரிசை முழுக்க ஓட்டை. அதுக்கு மேல வழக்கம் போல துணி. ஓட்டை வரிசைல மடிச்சா ஒவ்வொரு ஓட்டையும் பாதியா மடங்கி பள்ளமாகும், ஓட்டைக்கு நடுவுல இருக்கறது பல்லா எழும்பி நிக்கும். உள்மடிப்பு பின்னாடி போய் முன்பக்கத் துணியோட ஒட்டி உக்காரும். அதாவது ஒண்ணு மேல ஒண்ணா ரெண்டு துணி, உள்ள இருக்கறது வெளிய இருக்கறத விட கொஞ்சம் ஒடுங்கி இருந்தாதான் அது உள்ள அடங்கும். ரெண்டும் ஒரே அகலமா இருந்தா உள்ள இருக்கறதுக்கு எடம் பத்தாம வெளிய தள்ளும், ஓரம் விரியறது இதனாலதான். அதுக்குத்தான் உள்மடிப்ப சின்ன ஊசில பின்றது.

ஒரு பயிற்சித் துண்டு எடுத்துப்போம், நேரா முன்னும் பின்னும் பின்றது. நடுத்தர தடிமன் உல்லன், 4 மிமீ ஊசி, 10 செமீக்கு 22 ஸ்டிச்சும் 30 வரிசையும் வர்ற நூல்னு வெச்சுக்கலாம். 40 ஸ்டிச் போட்டா கிட்டத்தட்ட 18 செமீ அகலம். உள்மடிப்புக்கு 3.25 மிமீ ஊசி. இது கூட ஒரு குரோஷா ஊசி, வேற கலர்ல வழுவழுப்பான பருத்தி நூல் கொஞ்சம், மொட்டை முனை தையல் ஊசி, ஆறு சேஃப்டி பின். வேற கலர் நூல் சாயம் போகாததா இருக்கணும், ஏன்னா நடுவுல ஒரு தடவ நனைக்கப் போறோம், வெளிர் கலரா எடுத்தா பயமில்ல.

ஆரம்பிக்கறது சாதாரண காஸ்ட் ஆன் வேண்டாம். சாதாரணமா போட்டா அந்த ஓரம் கயிறு மாதிரி தடிச்சு இருக்கும், அத பின்னாடி தச்சா முன்பக்கம் ஒரு மேடு தெரியும். அதுக்கு பதிலா பின்னாடி அவுத்துக்கற மாதிரி தற்காலிக காஸ்ட் ஆன். பருத்தி நூல்ல குரோஷால ஒரு 45 சங்கிலி போடுங்க, முடிக்கிற முனைல ஒரு முடிச்சு போட்டு வைங்க, பின்னாடி அவுக்க வேண்டியது அந்த முனைல இருந்துதான், இன்னொரு முனைல இருந்து இழுத்தா அவுந்து வராது. சங்கிலிய திருப்பிப் பாத்தா முதுகுல ஒவ்வொரு சங்கிலிக்கும் ஒரு குட்டி மேடு இருக்கும். 3.25 ஊசில உங்க உல்லன் நூல வெச்சு அந்த மேடு ஒவ்வொண்ணுலயும் ஒரு லூப் இழுங்க, 40 லூப். மேட்டுல மட்டும்தான் குத்தணும், சங்கிலியோட பக்கவாட்டு நூல்ல குத்தினா அவுக்கும்போது சிக்கும், ஒவ்வொண்ணா வெட்டி எடுக்க வேண்டி வரும்.

இப்ப அதே 3.25 ஊசில 7 வரிசை. முதல் வரிசை பர்ல், அடுத்தது நிட், அப்படியே மாத்தி மாத்தி, ஏழாவது பர்ல்ல முடியும். லூப் இழுத்தது தானே ஒரு வரிசையா தெரியும், அதனால நல்ல பக்கத்துல எண்ணினா 8 வரிசை இருக்கும். இந்த எண்ணிக்கைய எங்கயாவது குறிச்சு வைங்க, பின்னாடி தேவைப்படும்.

அடுத்தது ஓட்டை வரிசை, இதுல இருந்து 4 மிமீ ஊசிக்கு மாறுங்க. முதல் ஸ்டிச் நிட். அப்புறம் நூல ஊசி மேல ஒரு சுத்து, ரெண்டு ஸ்டிச் சேத்து நிட், மறுபடி சுத்து, ரெண்டு சேத்து நிட், இப்படியே போய் கடைசி ஒரு ஸ்டிச் நிட். 40 ஸ்டிச்சுக்கு இது 19 தடவ வரும், 19 ஓட்டை, ஒவ்வொரு சுத்துக்கும் ஒண்ணு கூடுது, ஒவ்வொரு சேப்புக்கும் ஒண்ணு கொறயுது, அதனால முடிவுல 40தான் இருக்கணும். 39 வந்தா எங்கயோ ஒரு சுத்து விட்டுப் போச்சுன்னு அர்த்தம், அந்த எடத்துல ஓட்டை இல்லாம பல்லு ரெண்டு சேந்து ஒரு தடிமனான பல்லா வரும், இப்பவே பாத்து சரி பண்ணிடுங்க. ஸ்டிச் எண்ணிக்கை இரட்டைப்படையா இருக்கணும்ங்கறதும் இதனாலதான்.

அதுக்கடுத்த வரிசை முழுக்க பர்ல், ஊசி மேல சுத்தின நூலும் இப்ப ஒரு ஸ்டிச்தான், அதையும் பர்ல் பண்ணணும். இங்க ஒரு விஷயம் கவனிங்க. சுத்தின நூலோட முன் காலுல குத்தி பர்ல் பண்ணா ஓட்டை நல்லா திறந்து நிக்கும். பின் காலுல குத்திட்டா அது முறுக்கிக்கிட்டு ஓட்டை மூடிப் போயிடும், மடிச்சா பல்லே எழும்பாது. வரிசை முடிஞ்சதும் ஊசில இருக்கற துணிய லேசா விரிச்சு வெளிச்சத்துல புடிச்சுப் பாருங்க, 19 ஓட்டையும் ஒரே அளவா தெரியுதான்னு. ஒண்ணு ரெண்டு மட்டும் சின்னதா, எக்ஸ் மாதிரி குறுக்கிட்டு இருந்தா அதுதான் முறுக்கினது.

அப்புறம் 4 மிமீ ஊசிலயே நல்ல பக்கம் நிட், பின் பக்கம் பர்ல்னு தொடருங்க, பயிற்சிக்கு ஒரு 20 வரிசை போதும், தளர்வா முடிச்சுடுங்க.

இனிமே மடிக்கிறது. அவசரப்பட்டு உடனே மடிச்சு தைக்காதீங்க. புதுசா பின்ன துணி ஓரமெல்லாம் சுருண்டுக்கிட்டு இருக்கும், அந்த நிலைல எந்த வரிசை எங்க வருதுன்னு கண்ணுக்குத் தெரியாது, பின் குத்தினாலும் நிக்காது. சங்கிலிய அவுக்காம அப்படியே துண்ட தண்ணில ஊற வெச்சு, பிழியாம ஒரு துவாலைல அமுக்கி ஈரத்த எடுத்து, தட்டையா விரிச்சு, ஓட்டை வரிசைக்கு மேல இருக்கற பாகம் முழுக்க ஒரே அகலமா வர்ற மாதிரி பின் குத்தி காய விடுங்க. உள்மடிப்பு பாகம் கொஞ்சம் ஒடுங்கி நிக்கும், அது அப்படித்தான் இருக்கணும், அத இழுத்து அகலமாக்க வேண்டாம்.

காஞ்சதும் பின்பக்கம் மேல தெரியற மாதிரி மேசைல வைங்க, உள்மடிப்பு உங்க பக்கம். ஓட்டை வரிசைல மடிச்சு மேல கொண்டு போங்க. ஒவ்வொரு ஓட்டையும் சரிபாதில மடங்கணும். விரலால ஒவ்வொரு பல்லா அமுக்கிக்கிட்டே வாங்க, முன்பக்கம் திருப்பிப் பாருங்க, ஓட்டையோட விளிம்பு பாதிக்கு மேல முன்பக்கமே தெரிஞ்சா மடிப்பு பின்னாடி நழுவி இருக்குன்னு அர்த்தம், பல்லு ஒரு பக்கமா சாஞ்சு இருக்கும். சரியான எடத்துல நின்னதும் மடிப்புல இருந்து ஒரு 1 செமீ தள்ளி, வேற கலர் நூல்ல ரெண்டு துணியையும் சேத்து பெரிய பெரிய ஓட்டுத்தையல் ஒண்ணு போட்டு விடுங்க. இது பின்னாடி உருவிடப் போற தையல்தான், ஆனா இது இருந்தா தைக்கும்போது மடிப்பு நகராது. இத விட்டுட்டு வெறும் கைல புடிச்சுக்கிட்டு தச்சா நடுவுல போகப் போக மடிப்பு மெல்ல மெல்ல வழுக்கும், ஒரு முனைல சரியா இருந்த பல்லு மறு முனைல சாஞ்சுடும்.

அடுத்த கேள்வி எந்த வரிசைல தைக்கிறது. நிறைய பேர் உள்மடிப்புல எத்தன வரிசையோ அத்தன வரிசை முன்பக்கமும் எண்ணி அங்க தச்சுடுவாங்க. ரெண்டும் ஒரே ஊசில பின்னிருந்தா அது சரி. நாம உள்ள 3.25, வெளிய 4, சின்ன ஊசில வரிசையோட உயரமும் கொறயும். உள்ள இருக்கற 8 வரிசை வெளிய இருக்கற 8 வரிசைய விட கொஞ்சம் குட்டை, நம்ம கணக்குல வெளிய ஏழாவது வரிசைகிட்டதான் அது போய் சேரும். அதனால எண்ணிக்கைய நம்பாம துணிய நம்புங்க. மடிச்ச நிலைல உள்மடிப்ப இழுக்காம, தள்ளாம, தானா படுக்க விட்டு அதோட மேல் விளிம்பு எந்த பர்ல் மேட்டு வரிசைய தொடுதுன்னு பாருங்க, இடது ஓரம், நடு, வலது ஓரம்னு மூணு எடத்துலயும். ஓட்டை வரிசைல இருந்து அது எத்தனாவதுன்னு எண்ணுங்க. மூணுலயும் 7 வந்தா 7. ஒரு எடத்துல 7, இன்னொரு எடத்துல 8னு வந்தா அங்க மடிப்பு நழுவி இருக்கு, அத சரி பண்ணிட்டு மறுபடி எண்ணுங்க.

ஒரு வரிசை தப்பினா என்ன ஆகும்னு தெரிஞ்சு வெச்சுக்கறது நல்லது. மடிப்புல இருந்து தள்ளி இருக்கற வரிசைல தச்சா உள்மடிப்பு எட்டாம இழுபடும், அது மடிப்ப பின்னாடி இழுக்கும், பல்லு எல்லாம் உள்பக்கமா கவுந்து முன்னாடி இருந்து பாத்தா மொட்டையா தெரியும். மடிப்புக்கு கிட்ட இருக்கற வரிசைல தச்சா உள்மடிப்பு அதிகமாகி உள்ளயே தொளதொளன்னு உப்பி நிக்கும், போடும்போது கீழ எட்டிப் பாக்கும்.

வரிசை முடிவானதும் அத ஒரு நூலால அடையாளம் பண்ணுங்க. தையல் ஊசில வேற கலர் நூல் கோத்து அந்த ஒரே வரிசைல இருக்கற பர்ல் மேடு ஒவ்வொண்ணுலயும் அடியில விட்டு எடுத்துக்கிட்டே போங்க. பின்பக்கம் உத்துப் பாத்தா மேல் நோக்கி வளைஞ்ச மேடும் கீழ் நோக்கி வளைஞ்ச மேடும் மாறி மாறி இருக்கும், மேல் நோக்கி வளைஞ்சத மட்டும் எடுங்க, கலந்து எடுத்தீங்கன்னா கோடு மேலயும் கீழயும் ஆடும். முடிச்சதும் நூல் மேல எத்தன மேடுன்னு எண்ணுங்க, 40 இருக்கணும். கொறஞ்சா ஒண்ண தாண்டிட்டீங்க, இல்ல நடுவுல வேற வரிசைக்கு ஏறிட்டீங்க. இந்த ஒரு நூல் போடறதுக்கு பத்து நிமிஷம் கூட ஆகாது, ஆனா தையல் நேரா வர்றதுக்கு இத விட பெரிய உதவி எதுவும் இல்ல, வேற எத விட்டாலும் இத விடாதீங்கன்னு சொல்லுவேன்.

இப்ப சங்கிலிய அவுக்கலாம். முடிச்சு போட்ட முனைய பிரிச்சு மெதுவா இழுத்தா ஒவ்வொரு சங்கிலியா அவுந்து ஒவ்வொரு லூப்பா வெளிய வரும், வர வர ஒரு மெல்லிசு ஊசில, 2.5 மிமீ மாதிரி, வாங்கிக்கிட்டே வாங்க. எண்ணினா 39தான் வரும், பயப்படாதீங்க, ஸ்டிச் எதுவும் போகல. கீழ்ப்பக்கம் திறக்கற லூப் எல்லாம் ரெண்டு ஸ்டிச்சுக்கு நடுவுல இருக்கற வளைவு, 40 ஸ்டிச்சுக்கு நடுவுல 39 வளைவுதான் இருக்கும். ஆரம்பிச்ச நூல் முனை இருக்கற ஓரத்துல ஒரு பாதி வளைவு இருக்கும், அத ஊசில தூக்கி மாட்டிக்கிட்டா 40 ஆயிடும். இதே காரணத்தால இந்த லூப்புங்க ஸ்டிச் நேர்கோட்டுல இல்லாம அரை ஸ்டிச் தள்ளி நிக்கும். அந்த அரை எப்பவும் ஒரே பக்கமா போகணும், அதாவது முதல் லூப்ப முதல் மேட்டோட சேத்தா கடைசி வரைக்கும் அப்படியே ஒண்ணுக்கு ஒண்ணு, நடுவுல மாத்தக் கூடாது. அரை ஸ்டிச் வித்தியாசம் முன்பக்கம் தெரியாது.

தைக்கறதுக்கு முன்னாடி இன்னொண்ணு. ஊசில இருக்கற 10வது, 20வது, 30வது லூப்ல ஒவ்வொரு சேஃப்டி பின், அதே மாதிரி அடையாள நூல் மேல 10, 20, 30வது மேட்டுல ஒவ்வொரு பின், ரெண்டு பக்கமும் ஒரே ஓரத்துல இருந்துதான் எண்ணணும். தச்சுக்கிட்டு போகும்போது ரெண்டு பக்கத்து சேஃப்டி பின்னும் ஒரே நேரத்துல வந்தா நேரா போறீங்க, ஒண்ணு முந்திட்டா கடைசி பின் வரைக்கும் மட்டும் பிரிச்சா போதும், முழுசா பிரிக்க வேண்டாம்.

தைக்கற நூல் அதே உல்லன்தான், அகலத்துக்கு மூணு மடங்குக்கு கொஞ்சம் மேல, இங்க ஒரு 60 செமீ. மொட்டை ஊசில கோத்து ஓரத்துல இருந்து ஆரம்பிங்க. மேட்டுக்கு அடியில ஊசிய விட்டு எடுங்க, அதுக்கு நேரா இருக்கற லூப்புக்குள்ள விட்டு எடுத்து அந்த லூப்ப மெல்லிசு ஊசில இருந்து இறக்கி விடுங்க. அடுத்த மேடு, அடுத்த லூப். ஊசி மேட்டு நூலுக்கு அடியில மட்டும்தான் போகணும், நூல பொளக்கவும் கூடாது, முன்பக்கம் எட்டிப் பாக்கவும் கூடாது. மொட்டை முனை ஊசி சொல்றது இதுக்குத்தான், கூர் ஊசி நூல பொளந்துடும்.

இழுப்பு எவ்வளவுன்னு கேட்டா, தைக்கற நூல் துணியில இருக்கற ஒரு ஸ்டிச் எவ்வளவு தளர்வோ அவ்வளவு தளர்வா இருக்கணும். ஒவ்வொரு ஆறு ஏழு ஸ்டிச்சுக்கும் நிறுத்தி அந்த பாகத்த ரெண்டு கையால பக்கவாட்டுல இழுத்து விடுங்க. துணி நீளும்போது தையல் நூல் கம்பி மாதிரி வெறச்சு நின்னா இறுக்கமா தச்சிருக்கீங்க, இப்படி இழுத்து விடறதுலயே பின்னாடி இருக்கற மிச்ச நூல் கொஞ்சம் உள்ள போய் சரியாயிடும். முன்பக்கத்தையும் திருப்பிப் பாருங்க. தச்ச வரிசைல ஒரு படுக்கைக் கோடு பள்ளமா தெரிஞ்சா இறுக்கம்தான் காரணம். நேர்கோட்டு ஸ்டிச் வரிசை எல்லாம் சாஞ்சு, துணில குறுக்கா அலை அலையா மடிப்பு விழுந்தா அது இறுக்கம் இல்ல, லூப்பும் மேடும் ஒண்ணு ரெண்டு தள்ளிப் போச்சு, உள்துணி ஒரு பக்கமா முறுக்கிக்கிட்டு இருக்கு. இந்த ரெண்டையும் குழப்பிக்காதீங்க, முறுக்கினத எவ்வளவு தளர்த்தினாலும் சரியாகாது, நனைச்சு காய வெச்சாலும் போகாது, பின் இருக்கற எடம் வரைக்கும் பிரிச்சு எண்ணித்தான் ஆகணும்.

தைக்காம நிட் பண்ணியே சேக்கலாமான்னு கேப்பீங்க, சேக்கலாம். ஓட்டை வரிசைக்கு மேல கொஞ்ச வரிசை பின்னதும் சங்கிலிய அவுத்து லூப்ப இன்னொரு ஊசில வாங்கி, மடிச்சு, முன் ஊசில ஒண்ணும் பின் ஊசில ஒண்ணும் சேத்து நிட் பண்ணிக்கிட்டே போறது. வேகமா முடியும். நல்ல பக்கத்து வரிசைலதான் இத பண்ண முடியும்ங்கறதால மேல 5, 7, 9ன்னு ஒத்தைப்படை வரிசைலதான் நிறுத்தலாம், நம்ம அளவுக்கு உள்ள 8, வெளிய 7, அது சரியாவே பொருந்துது. ஆனா சேத்த எடத்துல லேசா ஒரு கோடு தெரியும், இழுத்தா நீண்டு குடுக்கறதும் கொஞ்சம் கொறயும், வரிசை பொருந்தலன்னா மேல பின்னது அத்தனையும் பிரிக்கணும். தையல்னா அத மட்டும் உருவிட்டு ஒரு வரிசை தள்ளி தச்சுக்கலாம். அதனால புதுசா பண்றவங்களுக்கு தையலே நல்லதுன்னு நினைக்கிறேன்.

வட்டமா பின்றவங்களுக்கு ரெண்டு மாத்தம்தான். ஓட்டை வரிசைல முதல், கடைசி தனி ஸ்டிச் வேண்டாம், சுத்து, ரெண்டு சேத்து நிட், இதே முழுக்க. எல்லா வரிசையும் நிட். நூல் ரொம்ப தடிமனா இருந்தா சின்ன ஊசி மட்டும் பத்தாது, உள்மடிப்புல பத்துல ஒரு பங்கு ஸ்டிச் கொறச்சு போட்டு ஓட்டை வரிசைக்கு முந்தின வரிசைல பரவலா கூட்டிக்கலாம். அப்படி பண்ணா ஒண்ணுக்கு ஒண்ணு தைக்க முடியாது, ஒன்பது லூப்புக்கு பத்து மேடுன்னு வரும், பின் வெச்சு பிரிச்சுக்கிட்டு பத்துக்கு ஒரு மேட்ட தாண்டிப் போகணும். இல்லன்னா அதே கலர்ல மெல்லிசு நூல் கெடச்சா உள்மடிப்ப அதுல பின்றது இன்னும் சுலபம். உள்மடிப்போட உயரம் 2, 2.5 செமீ போதும், அதுக்கு மேல போனா தொங்க ஆரம்பிக்கும்.

கடைசியா ஓட்டுத்தையலையும் அடையாள நூலையும் உருவிடுங்க. நேரா பின்ன துண்டுனா மடிப்போட ரெண்டு பக்க ஓரமும் குழா மாதிரி திறந்து இருக்கும், மிச்ச நூல வெச்சு ஓர ஸ்டிச்ச ஓர ஸ்டிச்சோட சேத்து நாலஞ்சு தையல்ல மூடிடுங்க, ஸ்வெட்டர்னா பக்கத் தையல் போடும்போது அது தானா மூடிடும். திரும்ப ஒரு தடவ நனைச்சு, ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு பின் நேரா குத்தி, பல்லு கூரா நிக்கற மாதிரி காய வைங்க. இஸ்திரிப் பெட்டிய மேல வெச்சு அமுக்க வேண்டாம், பல்லு நசுங்கிப் போகும், அக்ரிலிக் நூலா இருந்தா அந்த சூட்டுல நசுங்கினது திரும்ப எழும்பவே எழும்பாது.